மறைத்துத் தைத்த பெயர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் போடிநாயக்கனூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறும் புவியியலும் நடத்திக்கொண்டிருந்தேன். வயது இருபத்தெட்டு. தலைக்கனம் வயதுக்கு மீறியே இருந்தது. என் கையிலிருக்கும் சிவப்புப் பேனா யாருக்கும் வளையாது என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம். அந்தப் பேச்சை ஒருவர் மட்டும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் எங்கள் கணக்கு டீச்சர்.

நாகர்கோவில் பக்கம் அவருடைய ஊர். என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கலாம், கேட்டதில்லை. ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. எதிரெதிரே உட்கார்ந்துதான் மூன்று வருடம் விடைத்தாள் திருத்தினோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையன்களின் அறுந்த சட்டைப் பித்தானைத் தைத்துக் கொடுப்பதற்காக ஒரு தகர டப்பாவில் ஊசியும் நூலும் வைத்திருப்பார். அவர் ஊசியில் நூல் கோக்கும்போது நான் பேசுவதை நிறுத்திவிடுவேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் வேறு ஊர், வேறு சாதி, வேறு சாமி. எங்கள் வீட்டில் சொன்னால் அப்பா சோற்றைத் தள்ளிவைத்துவிடுவார் என்பதும் தெரியும். ஆகவே நான் பேசியதெல்லாம் மார்க்கைப் பற்றித்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து ரேங்க் வாசிப்பார். வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்கள். முதல் நான்கு ரேங்க் முதல் பெஞ்சு, அடுத்த நான்கு அடுத்த பெஞ்சு. நாற்பத்திரண்டாவது ரேங்க் சுவரோரம் கடைசியில். அடுத்த பரீட்சை வரை அதுதான் அவர்கள் இடம். பரீட்சை எழுதும்போதும் காப்பியடிக்காமலிருக்க நடுவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நுழைத்து உட்காரவைப்போமே தவிர வரிசை மாறாது. மணி அடித்ததும் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை தாளை வாங்கிக்கொண்டே போய்க் கட்டாகக் கட்டுவோம். இது எங்களுக்கு மூச்சுவிடுவது போலப் பழகிப்போன காரியம்; இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பத்தாம் வகுப்புக்குத் தை மாதத்தில் செலக்ஷன் பரீட்சை என்று ஒன்று வைப்போம். அதில் எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்து வாங்கினால்தான் பொதுத்தேர்வுக்கு அனுப்புவோம். ஒரு பாடத்தில் குறைந்தாலும் நிறுத்திவிடுவோம். பள்ளியின் தேர்ச்சிக் கணக்கு கெட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். பிள்ளைகளிடம் மட்டும் உங்கள் நன்மைக்காக என்று சொல்வோம். நிறுத்தப்பட்ட பையன்கள் சிலர் அடுத்த வருடம் வருவார்கள். பெண்பிள்ளைகள் அநேகமாக வரமாட்டார்கள்.

அந்த வருடம் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். மலைமேல் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அவள் அப்பா அம்மா வேலை பார்த்தார்கள். அவள் போடியில் ஓர் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அரையாண்டில் என் பாடத்தில் இருபத்துநான்கு. மற்ற பாடங்களிலெல்லாம் நாற்பதை ஒட்டி வாங்கியிருந்தாள், கணக்கில் மட்டும் ஐம்பத்தைந்து. அதைப் பார்த்துத்தான் கணக்கு டீச்சர் என்னைக் கேட்டார். என் பாடத்தில் மட்டும் ஏன் விழுகிறாள் என்று. வரலாறு என்றால் வாக்கியம் எழுதத் தெரிய வேண்டும், கணக்கு மாதிரி இல்லை என்று நான் சொன்னேன்.

"எழுதத் தெரியலையா, இல்ல அவ எழுதினதுன்னு தெரிஞ்சிடுதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரிடமும் நான் சிபாரிசு வாங்கியதில்லை, எவன் மகன் என்று பார்த்து மார்க் போட்டதில்லை என்று குரலை உயர்த்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. மதுரையில் பொதுத்தேர்வுத் தாளைத் திருத்தப் போகும்போது நமக்குப் பெயரா தருகிறார்கள், எண்தானே தருகிறார்கள், ஏன் என்று கேட்டார். லஞ்சம் சிபாரிசு வராமலிருக்கத்தான் என்றேன்.

"சிபாரிசு வெளிய இருந்துதான் வரணும்னு இல்ல சார். போன பரீட்சையில என்ன வாங்கினான்னு நமக்குத் தெரியும்லா, அதுவே உள்ள உக்காந்து சிபாரிசு பண்ணும்."

அந்த வாக்கியத்தை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு நாற்பது வருடம் கழித்தும் அதை அவர் குரலிலேயே கேட்கிறேன்.

சவால் என்று ஆகிவிட்டது. செலக்ஷன் பரீட்சைத் தாள்களில் பெயரை மறைத்துக் கொடுக்கிறேன், திருத்திக் காட்டுங்கள் என்றார். சரி என்றேன். பரீட்சை முடிந்த அன்று மாலை என் பாடத்துக் கட்டை அவரே வாங்கிக்கொண்டு, பழைய காலண்டர் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு விடைத்தாளின் தலையிலும் பெயர் தெரியாதபடி வைத்து, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு தையல் போட்டார். கீழ்ப்பக்கம் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம், விட்டால் மூடிக்கொள்ளும். நாற்பத்திரண்டு தாளுக்கும் எண்பத்துநான்கு தையல். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்யவில்லை, எனக்குத் தைக்க வராது என்று சொல்லிக்கொண்டேன். வெளியே மேற்கு மலையில் வெயில் இறங்கி ஜன்னல் வழியாக அவர் கைமேல் விழுந்திருந்தது. அந்தச் சாயங்காலம் முடியாமல் அப்படியே நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு தைரியம்தான் எனக்கு இருந்தது.

அவர் இன்னொரு நிபந்தனையும் போட்டார். தாள்மேல் எதையும் எழுதக் கூடாது, கேள்வி வாரியாகத் தனித்தாளில் பென்சிலால் மார்க் போட வேண்டும். அப்படியே செய்தேன். தனித்தாளில் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எண் போட்டு, கட்டில் வந்த வரிசையிலேயே மார்க்கைக் குறித்தேன். இரண்டே நாளில் முடிந்தது. ஒரு தாளிலும் பட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

புதன்கிழமை இருவருமாக உட்கார்ந்து பட்டையைத் தூக்கித் தூக்கிப் பெயரைப் பார்த்தோம். முதல் ரேங்க் பையன் எண்பத்தாறு. அரையாண்டில் எண்பத்தைந்து. மலையிலிருந்து வந்த பெண் முப்பத்தொன்று. மற்றவர்களும் அரையாண்டில் நின்ற இடத்துக்கு அக்கம்பக்கத்திலேயே நின்றார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பார்த்தீர்களா டீச்சர், மறைத்தாலும் அதே மார்க்தான், திறந்தாலும் அதே மார்க்தான் என்றேன். சிரிக்க வேறு செய்தேன். அவர் தாள்களை வரிசை கலையாமல் அடுக்கிக் கட்டி என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நாந்தான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன் சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினோம். ஐந்து பேர் நிறுத்தப்பட்டார்கள். நான்கு பேர் இரண்டு மூன்று பாடத்தில் விழுந்தவர்கள். அந்தப் பெண் மட்டும் என் ஒரு பாடத்தில், நான்கு மார்க்கில். மறுவாரம் செவ்வாய்க்கிழமை பொதுத்தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல் சென்னைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் சேர்க்க முடியாது. அவள் அன்று மதியமே அத்தை வீட்டில் துணிமணியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் மெட்டுக்கு ஏறிவிட்டாள் என்று ஒரு பையன் சொன்னான்.

ஜெயித்தவனுக்குச் சந்தோஷம் இருக்க வேண்டும். புதன்கிழமைக்குப் பிறகு கணக்கு டீச்சர் என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபம் இல்லை. எதற்கும் சரிங்க சார் என்று முடித்துக்கொண்டார். மூன்று வருடமாக என்னோடு மல்லுக்கு நின்ற ஆள் சரிங்க சார் என்று சொல்லத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை விடிந்ததும் எனக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் என் அக்காவின் வீட்டுக்காரர் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். அங்கே போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம், பென்சில் மார்க்கை அங்கேயே தாளில் சிவப்பு மையால் ஏற்றிவிடலாம் என்று கட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பு ஏறினேன்.

ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் பதினைந்து பேர். என் பையைப் பின்னால் அரிசி மூட்டைமேல் வைத்தார்கள். மலையடிவாரத்து முந்தல் தாண்டி நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் ஜீப்பு திரும்பியதும் ஓர் அம்மாள் என் தோளைத் தட்டி, "அண்ணே, ஒங்க கடுதாசியெல்லாம் ரோட்டுல பறக்குது" என்றாள். பை கவிழ்ந்து, நான் அவசரத்தில் போட்ட முடிச்சு அவிழ்ந்து, விடைத்தாள்கள் வளைவு முழுக்கப் பரந்து கிடந்தன. டிரைவர் வெரசா வெரசா என்று முணுமுணுத்துக்கொண்டிருக்க, அந்தப் பெண்கள் அத்தனை பேரும் இறங்கிச் சரிவில் நின்ற புல்லுக்குள்ளும் தடுப்புக் கல்லுக்கு அந்தப்பக்கமும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு கை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டும் இருந்தது. வரிசை மட்டும் இல்லை.

அக்கா வீட்டு முன்னறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்தில் காய் காயவைக்கும் ஸ்டோரிலிருந்து வாசனை சூடாக வந்துகொண்டிருந்தது. என் தனித்தாளில் எண்ணும் மார்க்கும் இருந்தது, தாள்களில் எந்த எண்ணும் இல்லை. பட்டையைத் தூக்கிப் பெயரைப் பார்த்தால் அரைமணியில் வரிசைப்படுத்திவிடலாம். கை அந்தப் பட்டைமேல் போய் நின்றது. அவர் போட்ட இரண்டு தையல். தூக்கிப் பார்க்க மனம் வரவில்லை. அவர் சொன்ன மாதிரியே செய்துகொண்டிருந்தால் அவர் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கும் என்றுதான் உண்மையில் தோன்றியது. அதோடு ஒரு கர்வக் கணக்கும் போட்டேன். என் கை நேரான கை. மறுபடி திருத்தினால் அதே மார்க் வரும். வந்த மார்க்கை வைத்தே எது எத்தனாவது தாள் என்று கண்டுபிடித்துவிடலாம். திங்கட்கிழமை அதை அவரிடம் சொல்லிச் சிரிக்கவைக்கலாம்.

முதல் தாளை எடுத்தேன். பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக எல்லாம் மளமளவென்று போயிற்று. ஐந்து மார்க் கேள்வி வந்ததும் பேனா நின்றது. பதிலில் இரண்டு வரி சரியாக இருந்தது, மூன்றாவது வரி அப்படியும் எடுத்துக்கொள்ளலாம், இப்படியும் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதிரி இடத்தில் நான் வழக்கமாக நிற்கவே மாட்டேன். ஏன் நின்றேன் என்று யோசித்தேன். எழுதியது யார் என்று தெரியவில்லை. தெரிந்தால், படிக்கிற பிள்ளை என்றால் அவசரத்தில் விட்டுவிட்டான் என்று நானே மனதில் நிரப்பிக்கொள்வேன். கடைசி பெஞ்சு என்றால் புரியாமல் எதையோ எழுதியிருக்கிறாள் என்று அடித்துவிடுவேன். நிரப்புவதும் அடிப்பதும் ஒரு நொடியில் நடந்துவிடுவதால் அதை நான் திருத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. பட்டை போட்டுத் திருத்திய அந்த இரண்டு நாளும் எனக்கு எழுதியது யார் என்று தெரிந்தே இருந்தது. கட்டில் முதலில் வந்த நான்கும் முதல் பெஞ்சு, அடியில் இருந்தவை சுவரோரம். பெயரைத்தான் மறைத்திருந்தோம், ரேங்க்கை மறைக்கவில்லை. டீச்சர் கணக்குக்காரர், எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவர். வாங்கிய வரிசையிலேயே தைத்து, அதே வரிசையிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கும் அதைக் கலைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரை, மெதுவாகத் திருத்தினேன். சாப்பிட வா என்று அக்கா இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டு, இவனுக்கு என்ன கோட்டி பிடித்துவிட்டதா என்று அத்தானிடம் கேட்டது காதில் விழுந்தது. புவியியலில் ஒரு கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கில் மழை அதிகமாகவும் கிழக்கில் குறைவாகவும் பெய்வது ஏன்? ஒரு தாளில் இப்படி எழுதியிருந்தது. கேரளாப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் அதில் இருக்கும் நீர் மழையாகக் கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடாகிக் காய்ந்துவிடும். மெட்டில் ஜீப்பு ஏறும்போது நனைந்த துணி முந்தல் வருவதற்குள் காய்ந்துவிடும். படித்துவிட்டு நாலரை போட்டேன். கடைசி வரிக்காக ஐந்தே போடலாமா என்றுகூட நினைத்தேன்.

முடிந்ததும் பட்டைகளைத் தூக்கினேன். நடுவில் இருந்த பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மார்க் ஏறியோ இறங்கியோ இருந்தது. அது எந்தக் கைக்கும் நடக்கும். இரண்டு ஓரங்களும்தான் இடம் பெயர்ந்திருந்தன. எண்பத்தாறு வாங்கிய முதல் ரேங்க் பையனுக்கு எழுபத்துநான்கு. அதே மழைக் கேள்விக்கு அவன் காற்று மலையில் மோதி மழை தருகிறது என்ற ஒரு வரியோடு நிறுத்தியிருந்தான். முதல் தடவை நாலரை போட்டிருந்தேன், இப்போது இரண்டு. இரண்டாம் ரேங்க் பெண்ணுக்கு மட்டும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவளுடைய சாய்ந்த கையெழுத்து பட்டையைத் தாண்டி அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் தாள் என்று தெரிந்தே திருத்தியிருக்கிறேன். கடைசியாகத் தூக்கிய பட்டைக்குக் கீழே அந்த ஏலத்தோட்டத்துப் பெண்ணின் பெயர் இருந்தது. துணி முந்தலில் காய்ந்துவிடும் என்று எழுதியவள் அவள்தான். அந்தப் பதிலுக்குப் பென்சிலில் இரண்டு என்று இருந்தது. மொத்தம் முப்பத்தொன்று இருந்த இடத்தில் இப்போது நாற்பத்தொன்று.

பத்து மார்க். தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் பேனாவை மூடிவைத்துவிட்டு அந்த மேசைமேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிட ஒரு விசித்திரம், ஓடிப்போய் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தோற்றுப்போனதைச் சொல்ல இவ்வளவு ஆசைப்பட்டதே இல்லை.

ஞாயிறு பிற்பகல் அத்தானைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு தோட்டம் தள்ளி, வரிசை வீடுகளில் நடுவீடு. அவள் அப்பா வெளியே வந்தார். என் கை தவறிவிட்டது, உங்கள் பெண் பாஸ், நாளைக்கே அனுப்பி வையுங்கள் என்றேன். அவர் என்னையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம பெயிலுன்னீக. ஞாயித்துக்கிழம பாஸுங்கறீக. எதச் சாமி நான் நம்புறது?"

கையோடு கொண்டுபோன அவள் தாளை நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவள் வந்து வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான் நாளைக்கு வர்றேன் சார் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் எளிதில் மசியவில்லை. ஒட்டின பட்டியலைக் கிழித்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்றார். என் பிழைக்கு நானே பொறுப்பு என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். இவள் ஒருத்திதான் என் பாடத்தில் மட்டும் விழுந்தவள், மற்ற யாரும் இதனால் மாறமாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். முதல் ரேங்க்காரனைக் குறைக்காதே, அவன் அப்பா பெரிய இடம் என்றார். குறைக்கவில்லை. அந்த அளவுக்கு வீரன் இல்லை நான். செவ்வாய்க்கிழமை தபாலில் அவள் பெயரும் போனது.

டீச்சரிடம் அன்றே சொன்னேன். மழைக் கேள்வியின் இரண்டு பதில்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் படித்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"வரிசையக் கலைக்காமக் குடுத்தது நான் சார். தப்பு என் மேலயும் உண்டு" என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். திருப்புதல் தேர்வுக் கட்டு ஒவ்வொன்றையும் அவர் தைப்பார், நான் சீட்டுக்கட்டு கலைப்பது போல மேசைமேல் போட்டுக் கலைப்பேன். ஒரே பிள்ளையின் எல்லாப் பதிலையும் தொடர்ந்து படித்தால் முதல் பதிலின் ருசி அடுத்ததிலும் ஒட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாத் தாளிலும் இரண்டாவது கேள்வி என்று திருத்தத் தொடங்கினோம். நேரம் இரண்டு மடங்கு ஆனது. மற்ற ஆசிரியர்கள் இதுகளுக்கு வேற சோலி இல்லை என்று கேலி செய்தார்கள். உண்மைதான், எனக்கு வேறு சோலி வேண்டியிருக்கவில்லை. ஆறு மணிவரை அந்த மேசையில் இருக்க ஒரு காரணம் கிடைத்திருந்தது.

மே மாதம் அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வந்தது. அவரே ஒரு வருடம் முன்னால் எழுதிப் போட்டது, மறந்தேபோய்விட்டேன் என்றார். பஸ்சு நிலையத்தில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. கட்டைக் கலைக்க மறந்துவிடாதீர்கள் என்றார் அவர். மறக்கமாட்டேன் டீச்சர் என்றேன். நான் பின்னால் கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளைகள் பிறந்தார்கள், குறையொன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பஸ்சு கிளம்பிய பிறகு நான் நின்ற நேரம் இன்னும் முடியவில்லை.

ஜூனில் முடிவு வந்தது. மதுரையிலோ வேறெங்கோ, அவளை முன்பின் தெரியாத ஒருவர் வெறும் எண்ணைப் பார்த்துத் திருத்தி அவளுக்கு என் பாடத்தில் ஐம்பத்திரண்டு போட்டிருந்தார். எல்லாவற்றிலும் பாஸ். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது முதலில் கணக்கு டீச்சரைத்தான் தேடினாள். மாறிப் போய்விட்டார் என்றதும் முகம் வாடிற்று. அவள் பின்னால் இன்னொரு பெண், நகங்களில் காய்க்கறை, கையில் அரிசிப் பையோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்கக்கா சார்" என்றாள் இவள். "ஒங்ககிட்டத்தான் படிச்சா. ரெண்டு வருசம் முந்தி."

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எந்தப் பெஞ்சில் இருந்திருப்பாள் என்பது மட்டும் யோசிக்காமலே தெரிந்தது.

"செலக்சன்ல நின்னுட்டா சார். ஒங்க பாடம் ஒண்ணுலதான். அவ பேப்பரையும் ஒரு தடவ மறச்சு வச்சுப் பாக்க முடியுமா சார்?"

ஒரு வருடத்துக்கு மேல் விடைத்தாள்களை வைப்பதில்லை, பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடும் என்று அவளிடம் சொன்னேன். மேசைக்கு எதிரே டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. இதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அக்கா அரிசிப் பையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பரவாயில்ல சார், அப்பவே நாஞ் சரியா எழுதலதான் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"எவ்வளவும்மா வாங்குன?" என்று கேட்டேன்.

"முப்பத்திரண்டு சார்."